180 மில்லி விநாடி தாமதத்தோடு ஸ்விங் டிரேடிங் செய்பவருக்குக் கோ-லொகேஷன் தேவையா?

வெண்கோடு — பிப்ரவரி 11, இரவு 9.20

பொத்தானை அழுத்தியதிலிருந்து ஆர்டர் ஏற்கப்பட்டதாகப் பதில் வரும் வரை என் கணினியில் சராசரியாக 180 மில்லி விநாடி ஆகிறது. கோ-லொகேஷன் முறையில் சந்தையின் சர்வருக்குப் பக்கத்திலேயே தங்கள் இயந்திரத்தை வைத்திருக்கும் நிறுவனங்கள் சில மைக்ரோ விநாடிகளில் இதைச் செய்கின்றன. அதாவது நான் அவர்களைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானவன். நான் பங்கை வாங்கினால் ஏறத்தாழ பத்து நாள் வைத்திருப்பேன். தினசரி வரைபடத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறேன். சந்தைக்கு அருகில் வாடகை சர்வர் ஒன்றை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒவ்வொரு வர்த்தகத்திலும் அவர்கள் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறார்கள் என்ற எண்ணம் போகவில்லை. யாராவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா?

முதல்வரிசை — பிப்ரவரி 11, இரவு 10.05

கணக்கே தேவையில்லை. உங்கள் ஆர்டர் சந்தைக்குப் போகும் வழியிலேயே அவர்கள் அதைப் பார்த்துவிடுகிறார்கள்; உங்களுக்கு முன்னால் வாங்கி உங்களிடமே கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கோ-லொகேஷன் என்பதே அதற்கான கட்டணம்தான்.

கண்ணாடியிழை — பிப்ரவரி 12, காலை 6.50

வர்த்தக நிறுவனம் ஒன்றின் வலையமைப்புப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். முதலில் வெண்கோடு கேட்ட கணக்கைப் போடுகிறேன். முதல்வரிசையின் கூற்றுக்குப் பிறகு வருகிறேன், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது.

ஆண்டுக்கு 30 சதவீத ஏற்ற இறக்கம் உள்ள ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 252 வர்த்தக நாள், நாளுக்கு 6.5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஏற்ற இறக்கம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது என்ற வழக்கமான அனுமானத்தில், ஒரு விநாடிக்கு உரிய அளவு இது:

```
0.30 / sqrt(252 * 6.5 * 3600) = 0.0001235
```

இது 1.2 பேசிஸ் பாயிண்ட், அதாவது ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். இதே கணக்கில் உங்கள் 180 மில்லி விநாடியில் விலை நகரக்கூடிய அளவு சுமார் 0.5 பேசிஸ் பாயிண்ட். நீங்கள் வைத்திருக்கும் பத்து நாளில் நகரக்கூடிய அளவோ சுமார் 600 பேசிஸ் பாயிண்ட். மேலும், அந்த அரை பேசிஸ் பாயிண்ட் எப்போதும் உங்களுக்கு எதிராகவே போகும் என்பதில்லை. பாதி நேரம் உங்கள் பக்கமும் நகரும். சராசரியில் அது ஏறக்குறைய பூஜ்யம்.

தாமதம் உண்மையிலேயே பணம் கேட்பது, உங்கள் கணிப்பு அந்தத் தாமதத்துக்குள் பழசாகும்போது மட்டுமே. பத்து நாளில் 150 பேசிஸ் பாயிண்ட் கிடைக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதாகக் கொள்வோம். பத்து வர்த்தக நாள் என்பது 2,34,000 விநாடி. எதிர்பார்ப்பு சீராகக் கரைகிறது என்றால், 180 மில்லி விநாடியில் நீங்கள் இழப்பது ஒரு பேசிஸ் பாயிண்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தரகுக் கட்டணத்தையும், வாங்கு விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்பிரெட்டையும் எழுதும் தாளில் அதற்கு ஒரு வரி ஒதுக்குவதே வீண்.

வெண்கோடு — பிப்ரவரி 12, காலை 8.15

கணக்கு புரிகிறது, ஆனால் அதே கணக்கு அவர்களுக்கும் பொருந்த வேண்டுமே? ஐம்பது மைக்ரோ விநாடியில் விலை அசையும் அளவு ஒரு பேசிஸ் பாயிண்ட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகவா கோபுரம் கட்டிக் கம்பி இழுக்கிறார்கள்?

கண்ணாடியிழை — பிப்ரவரி 12, இரவு 9.40

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவர்களுக்கு ஒரு மைக்ரோ விநாடியின் மதிப்பு அந்த மைக்ரோ விநாடியில் விலை எவ்வளவு நகர்கிறது என்பதில் இல்லை. யார் முதலில் வந்து சேர்கிறார் என்பதில் இருக்கிறது. ஒரு நிகழ்வை முழுவதுமாக விவரிக்கிறேன்.

அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீட்டின் இ-மினி ஃபியூச்சர்ஸ், சிகாகோவின் புறநகரான அரோராவில் உள்ள சி.எம்.இ. தரவு மையத்தில் வர்த்தகமாகிறது. அதே குறியீட்டைப் பின்பற்றும் ஸ்பை என்னும் இ.டி.எஃப்., நியூ ஜெர்சியில் உள்ள மையங்களில் வர்த்தகமாகிறது: நியூயார்க் பங்குச்சந்தைக்கு மாவா, நாஸ்டாக்குக்குக் கார்டரெட். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அரோராவில் ஃபியூச்சர்ஸ் ஒரு டிக், அதாவது 0.25 புள்ளி, மேலே போகிறது என்று கொள்வோம். ஸ்பையின் விலை குறியீட்டின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது என்பதால், அது அங்கே சுமார் இரண்டரை சென்ட்டுக்குச் சமம். ஆனால் நியூ ஜெர்சியில், எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை வைத்திருக்கும் மார்க்கெட் மேக்கர்கள் பழைய விலையில் வைத்த விற்பனை ஆர்டர்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன, ஏனெனில் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வெற்றிடத்தில் ஒளி அந்தத் தூரத்தைச் சுமார் 4 மில்லி விநாடியில் கடக்கும். கண்ணாடியிழைக்குள் அது மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகிறது. கேபிளும் நேர்கோட்டில் போவதில்லை. இந்தப் பாதைக்கென்றே மலைகளைத் துளைத்து 2010-இல் ஸ்பிரெட் நெட்வொர்க்ஸ் போட்ட கேபிளில், போய்வரச் சுமார் 13 மில்லி விநாடி, ஒரு வழிக்கு ஆறரை. பின்னர் கோபுரம் விட்டுக் கோபுரம் காற்றில் அனுப்பும் மைக்ரோவேவ் வந்தது. அது ஒரு வழிக்கு 4 மில்லி விநாடிக்குச் சற்றே மேல். கேபிளை நம்பியவர் ஒரே நாளில் இரண்டு மில்லி விநாடிக்கும் மேலாகப் பின்தங்கினார். அதன்பின் அவர் அந்தப் பந்தயத்தில் இல்லை.

இப்போது செய்தி நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டது. பழைய விலையில் நிற்கும் 5,000 பங்கை வாங்கிவிட ஐந்தாறு நிறுவனங்கள் ஆர்டர் அனுப்புகின்றன. அதே கணத்தில், அந்தப் பங்குகளை விற்க வைத்திருந்த மார்க்கெட் மேக்கர் ரத்து ஆணை அனுப்புகிறார். சந்தையின் பொருத்தும் இயந்திரம் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கும். வாங்குபவர் முந்தினால் பங்குக்கு இரண்டு சென்ட் வீதம் நூறு டாலர் அவருக்கு. ரத்து முந்தினால் மார்க்கெட் மேக்கர் அந்த நூறு டாலரைக் காப்பாற்றிக்கொள்கிறார். இரண்டாவதாக வந்தவருக்கு எதுவும் இல்லை, அவர் ஒரு மைக்ரோ விநாடி பிந்தினாலும் ஒரு நிமிடம் பிந்தினாலும். நூறு டாலர் பெரிதல்ல. ஆனால் இது நாள் முழுவதும், பல பங்குகளில், திரும்பத் திரும்ப நடக்கிறது.

வர்க்கமூலக் கணக்கு இங்கே பொருந்தாததற்குக் காரணம், அது தனியாக ஓடுபவருக்கான கணக்கு என்பதே.

கண்ணாடியிழை — பிப்ரவரி 12, இரவு 10.10

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். புடிஷ், கிராம்டன், ஷிம் ஆகிய மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதே ஃபியூச்சர்ஸ்–ஸ்பை ஜோடியைத்தான் எடுத்துக்கொண்டது. இத்தகைய வாய்ப்பு ஒன்று நீடித்த இடைநிலைக் காலம் 2005-இல் 97 மில்லி விநாடி. 2011-இல் 7 மில்லி விநாடி. ஆனால் ஒரு வாய்ப்பில் கிடைக்கும் லாபம் அந்த ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. வேகம் கூடியதால் கனி சிறுக்கவில்லை. அதைப் பறிக்க மரம் ஏற வேண்டிய வேகம் மட்டுமே கூடியது.

பின்மாலை — பிப்ரவரி 13, மதியம் 1.30

என் அனுபவம் வேறு. போன ஆண்டு நான் என் தரகரின் சர்வர் இருக்கும் அதே கட்டடத்தில் வி.பி.எஸ். என்னும் மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். `ping` 40 மில்லி விநாடியிலிருந்து 2-க்கு இறங்கியது. அதன்பின் என் வாங்கு விலைகள் தெளிவாகவே மேம்பட்டிருக்கின்றன. நானும் பல நாள் வைத்திருப்பவன்தான். ஆகவே கோ-லொகேஷன் ஸ்விங் டிரேடருக்கும் உதவும் என்பது என் கருத்து.

கண்ணாடியிழை — பிப்ரவரி 13, மாலை 6.25

நீங்கள் எடுத்தது கோ-லொகேஷன் அல்ல. உங்கள் இயந்திரம் தரகருக்கு அருகில் இருக்கிறது. சந்தைக்கு அருகில் இல்லை. ஆர்டர் தரகரின் சர்வருக்குப் போய், அங்கே உங்கள் கணக்கில் பணம் இருக்கிறதா, அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்ற சோதனைகளைக் கடந்து, பிறகுதான் சந்தைக்குப் போகிறது. `ping` அளப்பது முதல் துண்டை மட்டுமே. சோதனைக்கு எத்தனை மில்லி விநாடி ஆகிறது, சந்தை பரபரப்பாக இருக்கும்போது அது எத்தனை மடங்கு கூடுகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. வெண்கோடு வாடகைக்கு எடுக்க நினைக்கும் சர்வரும் இப்படித்தான் ஆகும். தரகரைச் சுற்றிக்கொண்டு நேரே சந்தைக்குள் போகும் அனுமதி இல்லாதவர், சந்தையின் வாசலிலேயே இயந்திரத்தை வைத்தாலும் ஆர்டர் தரகர் வீட்டுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும்.

உண்மையான கோ-லொகேஷன் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு செய்தி. கண்ணாடியிழையில் ஒரு மீட்டருக்கு 5 நானோ விநாடி ஆகும். ஆகவே, மாவா மையத்தில் எந்தக் கூண்டு பொருத்தும் இயந்திரத்துக்கு அருகில் இருந்தாலும், எல்லோருக்கும் ஒரே நீளக் கேபிள்தான் தரப்படுகிறது. அருகில் இருப்பவரின் மிச்சக் கேபிள் சுருட்டி வைக்கப்படுகிறது. அதன்பின் போட்டி இயந்திரத்துக்குள் போய்விடுகிறது. சாதாரண இயங்குதளத்தின் வலையமைப்பு அடுக்கைக் கடப்பதற்கே பல மைக்ரோ விநாடி ஆகும் என்பதால் அதைத் தாண்டிச் செல்லும் மென்பொருளை எழுதுகிறார்கள்; அதுவும் போதாமல், முடிவெடுக்கும் தர்க்கத்தையே, தேவைக்கேற்பச் சுற்றமைப்பை மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் பதித்து ஒரு மைக்ரோ விநாடிக்குள் பதில் அனுப்புகிறார்கள். எங்கள் பிரிவில் சராசரியைப் பற்றி யாரும் பேசியதில்லை. பரபரப்பான நேரத்தில் நூறில் மிக மெதுவான அந்த ஓர் ஆர்டர் எவ்வளவு எடுத்தது என்றுதான் காலையில் முதலில் கேட்பார்கள், ஏனெனில் பணம் இருப்பது அந்தப் பரபரப்பில்தான்.

வி.பி.எஸ்.-க்கு மாறியபோது வேறு எதையாவது மாற்றினீர்களா?

பின்மாலை — பிப்ரவரி 13, இரவு 8.00

அதே வாரத்தில், கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டரையே பெரும்பாலும் போட்டுவந்ததை விட்டு, விலை வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டருக்கு முழுக்க மாறினேன். ஆனால் அது சிறிய மாற்றம்தானே?

முதல்வரிசை — பிப்ரவரி 13, இரவு 8.20

சிறிய மாற்றமா! உங்கள் மேம்பாட்டின் முழுப் பெயரே அதுதான்.

இப்போது என் கேள்விக்கு வருவோம். அவர்கள் நம் ஆர்டரை முன்கூட்டியே பார்ப்பதில்லை என்றால், ஐ.இ.எக்ஸ். சந்தை ஏன் கேபிளைச் சுருட்டி வைத்து எல்லா ஆர்டரையும் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது?

கண்ணாடியிழை — பிப்ரவரி 14, காலை 7.10

சுமார் 61 கிலோமீட்டர் கேபிள், 350 மைக்ரோ விநாடி. 2016-இல் அது முழுமையான பங்குச்சந்தையாக அங்கீகாரம் பெற்றபோதும் அந்தச் சுருள் இருந்தது. அதன் காரணம் நீங்கள் நினைப்பதற்கு அருகில் இருக்கிறது, ஆனால் அதுவே அல்ல.

உங்கள் ஆர்டர் கம்பியில் போய்க்கொண்டிருக்கும்போது வேறு யாருக்கும் அது தெரியாது. ஆனால் ஒரு பெரிய நிதியம் இரண்டு லட்சம் பங்கு வாங்க, ஆர்டரைத் துண்டுகளாக்கிப் பல சந்தைகளுக்கு அனுப்புகிறது என்று கொள்வோம். மாவாவுக்கும் கார்டரெட்டுக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். துண்டுகள் ஒரே கணத்தில் போய்ச் சேராது. முதல் சந்தையில் வர்த்தகம் நடந்தவுடன் அது எல்லோருக்கும் அறிவிக்கப்படுகிறது. அதைப் பார்த்தவர், இரண்டாவது துண்டு மற்ற சந்தைக்குப் போய்ச் சேரும் முன்னரே அங்கே தன் விற்பனை விலையை நீக்கிவிடவோ உயர்த்திவிடவோ முடியும். அவர் பார்த்தது நடந்துமுடிந்த வர்த்தகத்தை. அனுமானித்தது நடக்கப்போகும் வர்த்தகத்தை. நிதியத்துக்கு இது உண்மையான செலவு.

வெண்கோடு இருநூறு பங்கு வாங்குகிறார். அது ஒரே இடத்தில், ஒரே துண்டாக முடிந்துவிடும். அவரைப் பின்தொடர்ந்து போய்ச் சேர இரண்டாவது இடமே இல்லை. அமெரிக்காவில் சிறு முதலீட்டாளரின் மார்க்கெட் ஆர்டர்களில் பெரும்பகுதி சந்தைக்கே போவதில்லை. மொத்த வர்த்தக நிறுவனங்கள் அவற்றைத் தாங்களே நிரப்பிவிடுகின்றன. அதில் வேறு குறைகளைச் சொல்லலாம், ஆனால் அவை மைக்ரோ விநாடிக் குறைகள் அல்ல.

முதல்வரிசை — பிப்ரவரி 14, காலை 9.30

நிதியத்திடமிருந்து எடுக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். நிதியத்தில் பணம் போட்டிருப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தானே? அந்தக் கணக்கில் என் வாக்கியம் இன்னும் நிற்கிறது.

கண்ணாடியிழை — பிப்ரவரி 14, இரவு 9.15

அது நியாயமான வாதம், மறுக்கவில்லை. அதையே யோசித்துக்கொண்டிருந்ததில், முதல் நாள் நான் எழுதிய பதிலுக்கு ஒரு பின்குறிப்பும் தேவைப்படுகிறது.

இந்தப் பந்தயங்களில் தோற்கும் மார்க்கெட் மேக்கர் அந்த நட்டத்தைத் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. ஸ்பிரெட்டை அகலமாக்கி எல்லோரிடமும் வசூலிக்கிறார். லண்டன் பங்குச்சந்தையின் 2015-ஆம் ஆண்டு ஆர்டர் பதிவுகளை, தோற்றவர்கள் அனுப்பியவை உட்பட, அகிலினா, புடிஷ், ஓநீல் ஆகியோர் ஆராய்ந்தார்கள். எஃப்.டி.எஸ்.இ. 100 பங்கு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு பந்தயம் நடந்திருக்கிறது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரோ விநாடி. இதனால் சந்தையில் வர்த்தகம் செய்வோர் மீது விழும் சுமை, வர்த்தக மதிப்பில் சுமார் 0.5 பேசிஸ் பாயிண்ட் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

ஆகவே வெண்கோடுக்கு மைக்ரோ விநாடிகளோடு தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. அவர் அந்த அரை பேசிஸ் பாயிண்ட்டை ஸ்பிரெட் வழியாகச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் தன் இயந்திரத்தை வேகப்படுத்தி அதிலிருந்து தப்பிக்க முடியாது. அது அவருடைய வேகத்துக்கு விதிக்கப்பட்ட வரி அல்ல. ஆண்டுக்கு நூறு வர்த்தகம் செய்பவர் அதை மறக்கலாம், நாளுக்கு நூறு செய்பவர் மறக்க முடியாது.

வெண்கோடு — பிப்ரவரி 15, காலை 7.45

அப்படியென்றால் ஸ்டாப்-லாஸ்? விலை சரியும் நேரத்தில் 180 மில்லி விநாடி எனக்கு எதிராகவே வேலை செய்யும் அல்லவா? அங்கே பாதிக்குப் பாதி என்ற கணக்கு இல்லை.

கண்ணாடியிழை — பிப்ரவரி 15, மதியம் 12.20

சரி, அங்கே அந்தச் சமநிலை இல்லை. ஆனால் உங்கள் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சந்தையிலோ தரகரின் சர்வரிலோ வைக்கப்பட்ட ஸ்டாப், உங்கள் கணினியைக் கேட்காமலே தூண்டப்படும். உங்கள் 180 மில்லி விநாடி அதில் நுழைவதே இல்லை. உங்கள் கணினியிலேயே ஓடும் நிரல் விலையைப் பார்த்து ஆர்டர் அனுப்புகிறது என்றால், பயப்பட வேண்டியது 180 மில்லி விநாடிக்கு அல்ல, இணைப்பு அறுந்து போகும் பத்து நிமிடத்துக்கு.

2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்டபோது, முன்னூறுக்கும் மேற்பட்ட பங்குகளிலும் இ.டி.எஃப்.-களிலும் இருபதாயிரத்துக்கும் அதிகமான வர்த்தகங்கள், சற்று முன் இருந்த விலையிலிருந்து 60 சதவீதத்துக்கும் மேல் விலகி நடந்தன. சில ஒரு சென்ட்டுக்கும் நடந்தன. அவை பின்னர் ரத்து செய்யப்பட்டன. அதில் சிக்கிய ஸ்டாப்கள் தாமதமாக வந்ததால் ஒரு சென்ட்டுக்குப் போகவில்லை; அவை மார்க்கெட் ஆர்டராக மாறிய நேரத்தில் ஆர்டர் புத்தகத்தில் வாங்குவோரே இல்லாததால் போயின. ஸ்டாப்-லிமிட் வைத்திருந்தால் அந்த விலையில் விற்றிருக்காது. ஆனால் உண்மையான சரிவில் அதுவே உங்களை வெளியேற விடாமலும் செய்யும். இதற்குச் சுத்தமான விடை என்னிடம் இல்லை.

இரவில் மூடிய சந்தை காலையில் ஐந்து சதவீதம் கீழே திறப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எந்தக் கேபிளும் அதற்கு உதவாது.

பின்மாலை — பிப்ரவரி 15, மாலை 5.10

லிமிட் ஆர்டருக்கு மாறியதால்தான் மேம்பாடு என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் லிமிட் ஆர்டர் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் முந்த வேகம் வேண்டும். அங்கே வி.பி.எஸ். உதவாதா?

கண்ணாடியிழை — பிப்ரவரி 15, இரவு 10.30

விலை இப்போது வந்த இடத்தில் புதிதாக நிற்க விரும்புபவர்களுக்குள்தான் அந்த ஓட்டம். பெரும்பாலான சந்தைகளில் ஒரே விலையில் யார் முதலில் வந்தாரோ அவருக்கே முதலிடம். நீங்கள் இப்போதைய விலைக்கு இரண்டு சதவீதம் கீழே காலையிலேயே ஆர்டர் வைத்துவிட்டால், பிற்பகலில் விலை அங்கே இறங்கும்போது மைக்ரோ விநாடியில் ஓடிவருபவர்கள் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். ஸ்விங் டிரேடருக்கு வரிசையில் கிடைக்கும் முன்னிடம் பொறுமையால் வருவது. ஒரே எச்சரிக்கை: நடுவில் அளவைக் கூட்டினாலோ விலையை மாற்றினாலோ அந்த இடம் போய்விடும். இன்னொன்றும் உண்டு, விலை உங்களைத் தொட்டுவிட்டு மேலே போகும் நாளைவிட, உங்களைத் துளைத்துக்கொண்டு கீழே போகும் நாளில்தான் உங்கள் ஆர்டர் உறுதியாக நிரம்பும். அவர்கள் ரத்து செய்துவிட்டு ஓடுவார்கள். நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள்.

பின்மாலை — பிப்ரவரி 18, இரவு 9.00

உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வர்த்தகத்திலும், முடிவெடுத்த கணத்தில் இருந்த நடுவிலைக்கும் நிரம்பிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, லிமிட் ஆர்டர்களை மட்டும் தனியே ஒப்பிட்டேன். வித்தியாசங்களின் சிதறல் சுமார் 6 பேசிஸ் பாயிண்ட். வி.பி.எஸ்.-க்கு முன்னும் பின்னும் உள்ள சராசரிகளில் அரை பேசிஸ் பாயிண்ட்கூட வேறுபாடு இல்லை, ஆனால் பின்னதுதான் சற்று நல்லது. நான் சொன்னது முழுக்கத் தவறு என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

கண்ணாடியிழை — பிப்ரவரி 18, இரவு 10.45

முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. சிதறல் 6 ஆக இருக்கும்போது 0.4 பேசிஸ் பாயிண்ட் வேறுபாட்டை நம்பத்தக்க அளவில் பிரித்தறிய, ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 1,800 வர்த்தகம் வேண்டும். ஆண்டுக்கு நூறு என்ற கணக்கில் பக்கத்துக்குப் பதினெட்டு ஆண்டு. நாளுக்குப் பல ஆயிரம் ஆர்டர் அனுப்பும் நிறுவனம் இதே கேள்விக்கு மதிய உணவுக்குள் விடை கண்டுவிடும். அதனால்தான் அவர்களால் நானோ விநாடிக்கும் விலை போட முடிகிறது.

நிரம்பாமல் போன லிமிட் ஆர்டர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தீர்களா?

பின்மாலை — பிப்ரவரி 18, இரவு 11.05

இல்லை. அவற்றை நான் பதிவே செய்யவில்லை.

வெண்கோடு — பிப்ரவரி 19, காலை 7.30

சர்வர் எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். என் ஸ்டாப் தரகரின் சர்வரில் இருக்கிறதா, சந்தையிலேயே இருக்கிறதா என்று தரகரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பின்மாலையைப் பார்த்த பிறகு, நிரம்பாத ஆர்டர்களுக்கும் இன்று ஒரு தனிப் பத்தி தொடங்கிவிட்டேன்.

முதல்வரிசை — பிப்ரவரி 19, காலை 8.10

அரை பேசிஸ் பாயிண்ட் விவகாரத்தை நான் விட்டுவிடவில்லை. நேரம் கிடைக்கும்போது அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.